மூன்றாம் இடத்தில் வானவில்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலம் என்று நம்புகிறேன். இங்கும் நலம் என்று எழுதப் பார்க்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. உங்கள் தங்கை என்னை விட்டுப் போகப் போகிறாள். பரணிலிருந்து பெரிய பெட்டி இறங்கிவிட்டது. இப்போது மகளுடைய அறையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. பெட்டியோடு அவள் வந்து நிற்கப் போவது உங்கள் வீட்டு வாசலில்தான் என்பதால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லாம் அந்த டாரட் சீட்டால், படம் போட்ட குறி சொல்லும் சீட்டுக்கட்டால், வந்த வினை. நம் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பினாள். அம்மாவுக்குப் பொழுதுபோகட்டுமாம். பொழுது எனக்கும்தான் போகவில்லை, எனக்கு யார் என்ன அனுப்பினார்கள்? உங்கள் தங்கை எதையும் அரைகுறையாகக் கற்பவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்புக்குப் போனாள், கூட வருகிறவர்களுக்குப் பார்த்துச் சொன்னாள், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு நமக்குப் பார்க்கலாம், உக்காருங்க" என்றாள். எந்த இடத்தில் விழும் சீட்டுக்கு என்ன கேள்வி என்று எழுதி வைத்த விரிப்புகள் ஆயிரம் உண்டாம். எங்களுக்கு எதுவும் பொருந்தவில்லையாம். தானே ஒன்று போட்டிருந்தாள். ஐந்தே இடம். முதலாவது நான், இரண்டாவது அவள், மூன்றாவது நம்மைத் தடுப்பது, நான்காவது நாம் சொல்லாதது, ஐந்தாவது அடுத்த அடி.

சீட்டைத் தொடும் முன்பே ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்து அதன் பேரைச் சொன்னாள். எதற்கு இந்தச் சடங்கு என்று கேட்டேன். "கேள்வியை முதல்ல ஆணி அடிச்சு வச்சிடணும். இல்லேன்னா வந்த சீட்டுக்குத் தகுந்த மாதிரி நாமளே கேள்விய வளைச்சிடுவோம்" என்றாள். நான் வளைப்பேன் என்று முதலிலேயே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

முதல் இடத்தில், மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவன் உம்மென்று உட்கார்ந்திருந்தான். மேகத்திலிருந்து ஒரு கை கோப்பையை நீட்டுகிறது, அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இரண்டாவதில் கையில் விளக்கோடு தனியாக நிற்கும் கிழத்துறவி. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்றாவதைத் திருப்பினால், அடடா! வானவில்லாகப் பத்துக் கோப்பை, கீழே புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் இடுப்பை ஒருவர் அணைத்துக் கையை உயர்த்தி நிற்கிறார்கள், பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் கை கோர்த்து ஆடுகிறார்கள். தூரத்தில் ஒரு வீடு. "பார்த்தியா, நமக்குத் தடையே இல்ல!" என்று கத்தியே விட்டேன்.

"சீட்டு நல்ல சீட்டுதான். எந்த இடத்துல வந்து உக்காந்திருக்குன்னு பாருங்க" என்றாள். நாம் கேட்டது என்ன நடக்கும் என்றல்ல, எது தடுக்கிறது என்றுதானாம். அந்த இடத்தில் விழுந்தால் வானவில்லும் குறுக்கே விழுந்த மரம்தானாம். ஒரு சந்தோஷத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதும், அதை ஊருக்குக் காட்டிக்கொண்டே இருப்பதும்கூடத் தடை ஆகலாமாம். மச்சான், முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். தடை என்றால் கம்பியில் சிக்கு, கதவில் கல், இப்படி ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சந்தோஷம் மாட்டிக்கொண்டு லிஃப்ட் நின்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

நான்காவதைத் திருப்பினாள். சிவப்புப் போர்வைக்காரன் ஒருவன் கோலை ஊன்றிக்கொண்டு மலைப்பக்கம் நடக்கிறான், நமக்கு முதுகுதான் தெரிகிறது. அவனுக்குப் பின்னால் எட்டுக் கோப்பைகள். நாம் சொல்லாதது! உங்கள் தங்கை என் முகத்தையே பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கியது, எழுந்து போனாள்.

அந்த நேரத்தில் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. ஐந்தாவது சீட்டு இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. அதை எடுத்து மூன்றாம் இடத்தில் வைத்துவிட்டு, வானவில்லை ஐந்தாம் இடத்துக்கு நகர்த்திவிட்டேன். அடுத்த அடி ஆனந்தமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? திரும்பி வந்தவள் உட்காரக்கூட இல்லை. "சீட்ட மாத்தினா பரவாயில்ல, திரும்பக் கலைச்சுப் போட்டுக்கலாம். நீங்க கேள்வியவே மாத்திட்டீங்க. தடையா இருக்கறத எடுத்து வழின்னு வச்சிருக்கீங்க. இத்தன வருஷமா இதத்தானே பண்றோம்" என்றாள். சீட்டுகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனவள்தான். அதற்குப் பிறகு எங்களுக்குள் உப்பு, தண்ணீர், கதவு என்ற அளவுக்குத்தான் பேச்சு.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போன சமயத்தில் சீட்டுக்கட்டோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். எட்டுக் கோப்பை: விலகிச் செல்லுதல். நானே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். தடை இடத்தில் இடி விழுந்து கோபுரத்திலிருந்து ஆட்கள் தலைகுப்புற விழுந்தார்கள். அந்த இடத்துக்கு உடனே 'மேல்வீட்டுக்காரரின் கஷ்டம்' என்று பேர் வைத்தேன். சொல்லாத இடத்தில் முதுகில் வாள் குத்திக் குப்புறக் கிடக்கிறான் ஒருவன், அதற்கு 'இடுப்பு வலி' என்று வைத்தேன். இப்படியே ஐந்துக்கும் புதுப் பேர் வைத்து முடித்தபோது என் எதிர்காலம் பிரமாதமாக இருந்தது. ஆனால் எழுந்து போய்ப் பார்த்தால் பெட்டி திறந்தேதான் கிடந்தது.

மச்சான், இந்த வீட்டில் அவள் இல்லாமல் நான் என்ன செய்வேன்? நாலு படுக்கையறை. மகனுடைய அலமாரிக் கதவின் உள்பக்கம் பரீட்சை அட்டவணை இன்னும் ஒட்டியிருக்கிறது. மகளுடைய கட்டிலுக்கு அவள் இன்றும் விரிப்பு மாற்றுகிறாள், யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்துக் காயப்போடுகிறாள், நான் எடுத்து மடிக்கிறேன். அவளும் போய்விட்டால் நான் எந்த அறையில் போய் உட்கார்வது? பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், அவள் அங்கு வந்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் பேசினால் மட்டும்தான் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கங்களும், வீட்டில் சின்னவர்களுக்கு ஆசியும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாதியற்ற உங்கள் மைத்துனன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறையில் விலாசம் எழுத அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, உங்கள் கதவு எண் எனக்கு எப்போதும் தகராறு. முழுவதையும் நின்றபடியே படித்தாள். "அந்த நாலாவது இடத்தோட பேரு என்ன? நான் சொல்லாததா, நாம சொல்லாததா?" என்று கேட்டாள். நாம் என்றேன். "அப்புறம் நான் மட்டும் போறேன்னு எப்படிப் படிச்சீங்க? அந்தச் சிவப்புப் போர்வைக்காரன் பின்னால பாருங்க, ஒரு கோப்பையாவது உடைஞ்சிருக்கா? ஒழுங்கா அடுக்கி வச்சிட்டுத்தானே போறான். வானவில்லையும் இவனையும் சேர்த்துப் பார்க்கணும், தனித்தனியா பார்த்தா இப்படித்தான்." பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பிள்ளைங்க வருவாங்கன்னு இந்த வீட்டைக் கட்டிக் காத்துட்டு இருக்கோம். அவங்க வந்து தங்கப் போறதில்ல. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் இங்க இருக்க முடியல, யாரு முதல்ல வாயத் திறக்கறதுன்னு இருந்தோம். அன்னிக்கு நீங்க சொல்லுவீங்கன்னுதான் உங்க மூஞ்சியவே பார்த்தேன்." எழுந்து போய்க் கிளறிப் பார்த்தேன், பெட்டிக்குள் அவளுடைய புடவை ஒன்றுகூட இல்லை. எல்லாம் யாருக்காவது கொடுத்துவிட எடுத்து வைத்த பிள்ளைகளின் பழைய துணி. அழுதுவிட்டேன், மச்சான்.

வீட்டை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. உங்கள் தெருவிலேயே இரண்டு அறையில் ஏதாவது இருந்தால் பாருங்கள். பிள்ளைகளிடம் இதை யார் சொல்வது என்பதில் மட்டும் இன்று காலையிலிருந்து எங்களுக்குள் மறுபடியும் பேச்சு நின்றுபோயிருக்கிறது. நீங்களே சொல்லிவிடுங்களேன்.