உப்பு பார்த்த சுண்டல்

எதையும் வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டால் புரிந்துவிடும் என்று நம்புகிறவள் நான். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. (வீட்டில் யாரும் சோதிக்கச் சொல்லவில்லை.) அந்த நம்பிக்கை, அஸ்தம்பட்டியில் ஓர் ஆயுத பூஜையன்று, ஒரு பாத்திரம் சுண்டலில் மூழ்கிப்போனது.

எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த நூர்ஜஹான் அக்கா, என் லேப்டாப்பில் சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டார். அடுப்படியில் நின்றபடியே ஆரம்பித்தேன். பூஜை என்றால் சாமியை விருந்தாளியாக நடத்துவது. அழைத்து, குளிப்பாட்டி, பூ வைத்து, ஊதுபத்தியும் விளக்கும் காட்டி, சாப்பாடு படைத்து, கடைசியில் கற்பூரம். தரிசனம் என்றால் நாம் சாமியைப் பார்ப்பது. சாமியும் நம்மைப் பார்ப்பது.

"அப்ப யாரு யாரைப் பாக்க வாராங்க?" என்றார் அக்கா.

எனக்கே குழம்பியது. சட்டென்று பிரசாதத்துக்குத் தாவினேன். படைக்கும்வரை அது நைவேத்தியம். படைத்து எடுத்த பின் அதே உணவு பிரசாதம்.

அக்கா தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க. படைச்சதை நாங்க சாப்பிடறதில்லீங்க."

படைத்தால்தானே பிரசாதம்? இன்னும் படைக்கவில்லை. ஆக, அடுப்பில் இருப்பது வெறும் சுண்டல். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, கரண்டியோடு அள்ளி நீட்டினேன். அக்கா நிம்மதியாக அதிலிருந்தே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கரண்டி திரும்பவும் பாத்திரத்துக்குள் போனது.

அம்மா வாழையிலையோடு உள்ளே வந்தார்.

"சுண்டல் நல்லாருக்குங்க. உப்புதான் கொஞ்சம் கம்மி," என்றார் அக்கா, உதவும் எண்ணத்தில்.

சாமிக்கு முன் யார் வாயிலும் படக்கூடாது என்று, உப்புக்கூடப் பார்க்காமல் சமைத்திருந்தார் அம்மா. இப்போது பாத்திரமே எச்சில். ஊறவைத்த கடலை மொத்தமும் அதில்தான். கூடத்திலிருந்து அப்பா, நல்ல நேரம் முடியப்போகிறது என்று குரல் கொடுத்தார். சாமி முதலில் சாப்பிட்டால் அக்கா சாப்பிட முடியாது; அக்கா முதலில் சாப்பிட்டால் சாமிக்குப் படைக்க முடியாது. என் வரிசையில் இருவருக்கும் இடம் எங்கே?

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் கெடுத்துப்போட்டனா?"

"நீங்க என்னங்க பண்ணுவீங்க. இந்தப் படிச்ச புள்ளைய அடுப்படில வுட்டதுதான் தப்பு," என்றார் அம்மா.

நல்லவேளை, சர்க்கரைப் பொங்கலை யாரும் தொடவில்லை. அதையும் பொரியையும் பழத்தையும் படைத்தோம். கற்பூரம் காட்டும்போது அப்பா, "சுண்டல் எங்க?" என்று கிசுகிசுத்தார். நான் இறுகக் கண்ணை மூடிக்கொண்டேன். (அன்று தரிசனம் ஒருபக்கம்தான். சாமி மட்டும் என்னைப் பார்த்திருக்கும்.) சுண்டல் உப்புச் சேர்த்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனது.

இப்போது ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அம்மா முதலில் ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாகச் சுண்டல் செய்கிறார். "உப்பு பாக்க வாரேனுங்க!" என்று சிரித்துக்கொண்டே வருகிறார் அக்கா. அவர் சரி என்று சொன்ன அதே அளவு உப்புதான் அடுத்த பாத்திரத்துக்கும். எங்கள் வீட்டுச் சாமிக்கு உப்பு பார்ப்பது நூர்ஜஹான் அக்காதான். எனக்கு அடுப்படிக்குள் அனுமதி, கற்பூரம் காட்டிய பிறகு.