ஏழாம் மாதத்தில் ஓர் 'இக்மனட்ட'

வாழ்த்துச் செய்தி அனுப்புவதில் இரண்டு வகையினர் உண்டு. கையில் கிடைத்த பூப்படத்தை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்பவர்கள் ஒரு வகை. மூன்று நாள் யோசித்து, எழுதி, மனப்பாடமும் செய்து, கடைசியில் மானத்தைப் பறிகொடுப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை.

பன்விலவில் என் தோழி கவிதாவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. அதே நாளில் எனக்குக் கொழும்பில் பயிற்சி. (பல்லேகலவில் நான் வேலை செய்த தொழிற்சாலைக்காரர்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.) "வர முடியாட்டி பரவாயில்லடி, குரல்ல ஒரு வாழ்த்து அனுப்பு. வளையல் போடுறப்ப ஸ்பீக்கர்ல போடுறோம்" என்றாள் கவிதா.

அது சும்மா வாழ்த்து இல்லை. முந்தைய வருடம் ஐந்தாம் மாதத்திலேயே அவளுக்குக் கரு கலைந்திருந்தது. இந்த முறை அவள் தும்மினாலே வீடே பதறியது. எனக்கும் உள்ளூரப் பயம்தான். அதனால் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதினேன். வராத காரணத்தை ஒரே வரியில் முடித்தேன். ஆணா பெண்ணா என்ற பேச்சே எடுக்கவில்லை. போன தடவையைப் பற்றி மூச்சு விடவில்லை. முதலில் தாய்க்கு வாழ்த்து, பிறகு பிள்ளைக்கு, கடைசியில் சுகப்பிரசவம்.

இவ்வளவு கவனமாக எழுதியவள் அதை வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்திருக்கலாம். செய்யவில்லை. ஒன்பது மணிக்கு நல்ல நேரம் என்பது கொழும்பு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கடுகண்ணாவையில் பஸ் நின்றதும், கதவுக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்தபடியே பேசினேன். திரும்பக் கேட்டுப் பார்க்காமல் அனுப்பியும் விட்டேன். (புத்திசாலி!)

வராத காரணம் முடிந்ததும் பன்விலவில் ஒலிபெருக்கியில் கேட்டது இதுதான்:

"கவிதா, கை நிறைய வளையலோட, மனசு நிறைய சந்தோஷத்தோட இரு. தாயும் பிள்ளையும் சுகமா இருக்கணும். பிள்ளை அவசரமே இல்லாம, நாள் நிறைஞ்சு..."

"இக்மனட்ட பஹின்ன! இக்மனட்ட, இக்மனட்ட!"

'சீக்கிரம் இறங்குங்கள்! சீக்கிரம், சீக்கிரம்!' என்று கத்தியது கண்டக்டர். கண்டியில் பஸ் ஏறிய எவருக்கும் அந்தச் சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

பத்து நிமிடத்தில் கவிதாவின் மாமியார் அழைத்தார்.

"ஏம்மா, ஏழாம் மாசத்துல இக்மனட்டன்னு சொல்ல ஒனக்கு எப்புடி மனசு வந்துச்சு?"

"நான் சொல்லலம்மா, கண்டக்டர் சொன்னாரு."

"எங்க வீட்டு விசேஷத்துல கண்டக்டருக்கு என்ன வேல?"

பதற்றத்தில் செய்தியை எல்லோருக்கும் அழியும்படி அழித்தேன். 'செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் மிஞ்சி, நான் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிட்டது. கவிதா எழுதினாள்: "எனக்குக் கோவம் இல்லடி. பயமாத்தான் இருக்கு." மாமியார் திட்டியதைவிட அதுதான் வலித்தது. அடுத்த இரண்டு மாதமும் போன் அடித்தால் யாருடைய பெயர் என்று பார்க்காமல் எடுத்ததில்லை. காணாக்குறைக்கு தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதே 'இக்மனட்ட'வைக் காலை மாலை கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

பிள்ளையோ அசையவில்லை. எட்டாம் மாதம் போனது, ஒன்பதும் நிறைந்தது, டாக்டர் சொன்ன நாளும் கடந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அப்போது மாமியாரிடமிருந்து மறுபடி அழைப்பு. குரல் தேனாக இருந்தது.

"நாளைக்கி ஆஸ்பத்திரில வந்து படுக்கச் சொல்லிட்டாங்கம்மா. வலி வர ஊசி போடுவாங்களாம். அதுக்கு முன்னுக்கு... அந்த கண்டக்டரு பேசுனது ஒங்கிட்ட இருக்கா?"

"அழிச்சிட்டேனேம்மா!"

"அப்ப இன்னொன்னு எடுத்து அனுப்பேன்."

எடுத்தேன். பட்டப்பகலில் கண்டி பஸ் நிலையத்தில், முன்பின் தெரியாத ஒரு கண்டக்டர் முன்னால் போனை நீட்டி, "அண்ணே, ஒருமுறை இக்மனட்ட பஹின்னன்னு சொல்லுங்க, பிள்ளைக்கு" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் தொண்டையைச் செருமிக்கொண்டு போட்ட சத்தத்தில், பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள்.

அதை அப்போதே அனுப்பிவைத்தேன். மறுநாள் சுகப்பிரசவம், பெண் குழந்தை. ஊசியால்தான் என்றார் டாக்டர். மாமியார் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. போனில் அந்தச் சின்ன அழுகைச் சத்தத்தைக் கேட்டு, அலுவலகம் என்றும் பாராமல் நானும் அழுதேன்.

இப்போது அந்தக் குடும்பத்தில் யாருக்குப் பிரசவ நாள் கடந்தாலும் எனக்குத்தான் அழைப்பு வருகிறது. குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயரோ, வீட்டில் அவள் 'இக்மன்'. ஒரு இட்லி சாப்பிட ஒரு மணி நேரம் எடுப்பாள். போன மாதம் போயிருந்தபோது கவிதா பொறுமை இழந்து, "இக்மனட்ட, இக்மனட்ட!" என்று கத்தினாள்.

குட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பஸ் இன்னும் நிக்கலம்மா."