இடித்த சுவரைத் திரும்பக் கட்டித் தரவும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. தூக்கம் ஒன்றைத் தவிர இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீ, அத்தான், அப்பா எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுச் சமையலறைச் சுவரைத் திரும்பக் கட்டு.

கோபப்படாதே. நீ சுவரை இடித்துப் பளபளவென்று மாற்றியதை ஃபோனில் காட்டினாய், நானும் "சூப்பர்" என்றேன். ஆனால் அந்தச் செய்தி என் கனவுக்குப் போய்ச் சேரவில்லையே! தினமும் விடிகாலைக் கனவில் அங்கே போனால் அதே கரி பிடித்த சுவர், பாதிதான் திறக்கும் ஜன்னல், ஒரு முடிகூட நரைக்காத அப்பா கரண்டியும் கையுமாக. அதோடு விட்டதா? பகலெல்லாம் நான் மாரடிக்கும் லிஃப்ட் வேலையும் கூடவே வந்துவிடுகிறது. அடுப்பு மேடையில் மாடி எண் பொத்தான்கள், மாவு டின் மேல் கால்மேல் கால் போட்டு என் மேலதிகாரி. தமிழில் ஒரு வார்த்தை தெரியாத மனுஷன், "உப்பு கொஞ்சம் தூக்கல்ங்க" என்று அப்பாவிடம் குறை சொல்கிறார். எனக்குத் தட்டு வரும், கையை வைப்பேன், அலாரம் அடிக்கும். இன்றுவரை ஒரு வாய் சாப்பிட்டதில்லை அக்கா.

வீட்டை நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துப் பார்த்தேன், அன்றைக்குச் சமையலறையோடு கூடமும் சேர்ந்து வந்தது. வாசனையாவது வரட்டும் என்று தலையணைக்கடியில் பெருங்காய டப்பாவை வைத்தேன். கனவில் வாசனை வரவில்லை, அப்பா மட்டும் வழக்கத்துக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தார். வாசனை முழுக்க என் வீட்டுக்காரிக்குத்தான் போயிற்று, சோபாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். நேற்று அரைத்தூக்கத்தில் வேலைக்குப் போய், லிஃப்ட்டுக்குள் ஏறிய பெரியவரிடம் "பசிக்குதுப்பா" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆகவே நாளைக்கே வேலையை விடப்போகிறேன், ஊரோடு வந்துவிடுகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பா ஞாபகமாகவே இருக்கிறது. வருவதற்குள் சுவர் எழும்பியிருக்க வேண்டும், கரியோடு.

அப்பாவுக்கு என் நமஸ்காரம், அத்தானுக்கு என் அன்பு, கொத்தனாருக்கு முன்கூட்டியே ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
தினமும் பட்டினியாக எழுந்திருக்கும் தம்பி

பி.கு.: கொத்தனாரை நிறுத்து! இதை வீட்டுக்காரி படித்துவிட்டு, "போன தடவை ஊருக்குப் போனப்ப தூக்கத்துல என்ன பேசினீங்கன்னு தெரியுமா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? அலாரம் பாதியில் எழுப்பாததால் அங்கே கண்ட கனவு எதுவுமே நினைவில் இல்லை. அங்கே நம் வீட்டில், அப்பாவுக்கு அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, லிஃப்ட் சாவியைக் காணோம் என்று புலம்பினேனாம். அப்புறம் தெளிவாக, "அந்த அலமாரி இல்லப்பா, குழாய்க்கு மேல இருக்கே, அதுல பாருங்க, உப்பு அங்கதான் இருக்கு. நீங்க உக்காருங்க, நான் போடறேன்" என்றேனாம். குழாய்க்கு மேல் அலமாரி இருப்பது இங்கே எங்கள் வீட்டில், அக்கா. சுவரும் வேண்டாம், நான் வேலையை விடவும் வேண்டாம். அப்பாவைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்பி வை. உப்பு எங்கே இருக்கிறது என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.