கேபிளில் ஓடிய வாழ்த்து

அரசாங்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரே தேர்வை மூன்றாக நறுக்கிவிட்டு, முதல் துண்டில் தேறினாலும் 'பாஸ்' என்றே சொன்னால் ஒரு கவிஞன் என்னதான் செய்வான்?

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரு விஜயநகரில் இருந்த என் சித்தி மகள் செல்வி ஐ.ஏ.எஸ். தேர்வு எழுதினாள். ஒருநாள் சித்தி போனில், "நம்ம செல்வி பாஸுடா!" என்றார். (மேலே ஏதோ சொன்னார். அதற்குள் நான் சைக்கிளில் ஏறியாயிற்று.)

நேரே விஜயநகர் கேபிள்காரரிடம் போனேன். படங்களுக்கு நடுவே பிறந்தநாள், திருமண வாழ்த்துகளைத் திரையில் ஓட்டுபவர் அவர். சாமுண்டி மலை, மழை, விடியல் என்று நீண்ட வசனகவிதையை நீட்டினேன்.

"இது ஓடி முடியறதுக்குள்ள படமே முடிஞ்சிடும் சார்!"

அத்தனையையும் வெட்டிவிட்டு, கன்னடத்தில் ஒரே வரி ஓட்டினார்: 'நம் டி.சி. செல்வி மேடத்துக்கு வாழ்த்துகள்.' (கர்நாடகத்தில் கலெக்டர் என்றால் டி.சி. அந்தப் பட்டம் மட்டும் என் உபயம். கீழே போட்ட சித்தி வீட்டு முகவரியும்.)

மறுநாள் காலை சித்தி வீட்டு வாசலில் செருப்புக் குவியல். குழாயில் தண்ணீர் வராதவர்கள், பென்ஷன் நின்றுபோனவர், மைசூர்பாக்கோடு பெண் கேட்டு வந்த குடும்பம். செல்வி பேனாவோடு என்மேல் பாய்ந்தாள்.

"நான் பாஸானது ப்ரிலிம்ஸ் அண்ணா! கேட்டைத் திறந்து விட்டிருக்காங்க, அவ்ளோதான். அந்த மார்க் கணக்குலயே சேராது. இனிமே மெயின்ஸ் எழுதணும், அதுல தேறினா டெல்லியில இன்டர்வியூ. அந்த ரெண்டு மார்க்கையும் கூட்டித்தான் ராங்க்!"

"அப்போ டி.சி.?"

"அது ட்ரெயினிங் முடிஞ்சு, சின்ன போஸ்டிங் எல்லாம் பார்த்த அப்புறம்! மெயின்ஸ் தலைக்கு மேல நிக்குது. இந்தச் சந்தையில எங்க உட்கார்ந்து படிக்கறது?"

"வேணும்னா ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்து..."

"பேடா அண்ணா, வேணவே வேணாம்! ஒரு எழுத்துகூட எழுதாதே!"

தீர்ப்பு உடனே வந்தது. என் வாடகை அறை அவளுக்கு; சித்தி வீட்டுக் கூடம் எனக்கு. வந்தவர்களிடமெல்லாம் "மேடம் ஊர்ல இல்லை" என்று சொல்வது என் உத்தியோகம். கவிதையை வெட்டியது கேபிள்காரர், தேர்வை வெட்டியது டெல்லி, தண்டனை மட்டும் எனக்காம்! போதாக்குறைக்கு, என் கவிதைத் தாள்களின் முதுகில்தான் அவள் மெயின்ஸ் கட்டுரைக்குப் பயிற்சி எழுதியிருக்கிறாள். (அந்தத் தாள்களில் தேறியது அவள் எழுதிய பக்கம் மட்டுமே என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார்.)

மெயின்ஸ் தாண்டி, இன்டர்வியூவும் தாண்டி, இறுதிப் பட்டியலில் செல்வியின் பெயர் வந்தது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊரெல்லாம் இனிப்பு தின்று முடித்த பிறகு காலி டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு என் கல்யாணம். பயிற்சியிலிருந்து வர முடியாத செல்வி தந்தி அடித்தாள். சித்தப்பா அதை மண்டபத்து மைக்கில் வாசித்தார்: "ப்ரிலிம்ஸ் பாஸானதற்கு வாழ்த்துகள் அண்ணா. மெயின்ஸ் இனிமேல்தான்."

இப்போதும் விசேஷ வீடுகளில் யாராவது என் மனைவியிடம், "என்ன, ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள்.

"எங்கே? பேப்பர் இன்னும் திருத்திக்கிட்டே இருக்கேன்" என்கிறாள்.