லிஃப்ட் இன்ஸ்பெக்டரை எல்லோருக்கும் பிடித்துப்போன விதம்

என்கூடப் பிறந்தவனும், ஊரே வாய் பிளந்து பார்க்கும் தொடரை எழுதியவனுமான தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோடும் அதைவிட அதிகமான கோபத்தோடும் எழுதுவது. உன் இருமல் நின்றதா? நின்றிருந்தால் சந்தோஷம். நிற்காவிட்டால் வெந்நீர் குடித்துவிட்டு மேலே படி.

உன் அத்தான் போன வருஷம் ஒரு லிஃப்டைப் போய்ப் பார்க்காமலேயே ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டதும், அது பிரேக் பிடிக்காமல் சறுக்கி ஒரு தையல்காரப் பெண்ணின் கால் முறிந்ததும் உனக்குத் தெரியும். சோதனைக்குப் போனதாக அவர் சொல்லும் நேரத்தில் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவரை அன்றைக்கே வெளியே போகச் சொன்னேன். ஆடி அசைந்து வந்த விசாரணை அடுத்த வாரம். என்னைக் கேட்கப் போகிறார்கள். இந்த நேரம் பார்த்தா அந்த மனுஷனையே கதாநாயகனாக்கி நீ தொடர் எழுத வேண்டும்?

ஒரு வருஷமாக அப்பாவோடு பேசாத என் மகள் நாலாவது எபிசோட் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, அப்பா பாவம்மா. விசாரணையில ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடேன்” என்கிறாள். பல் டாக்டரிடம் போனேன். “அந்த இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி இருக்காளே, சரியான நச்சு! மனுஷனை ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடுறாளா?” என்கிறார், என் வாய்க்குள் இடுக்கியை விட்டுக்கொண்டு. அந்த நச்சு நான்தான் என்று எப்படிச் சொல்வது?

சரி, இப்படி என்னதான் மருந்து போட்டிருக்கிறாய் என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அடப்பாவி! முதல் காட்சியிலேயே அவர் நேர்மையாக எழுதிய அறிக்கையை மேலதிகாரி கிழித்து எறிகிறான். தப்பு செய்வதற்கு முன்னாலேயே அவருக்கு அநியாயம் நடந்துவிடுகிறது. அடுத்து, கம்பியில் காதை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறார். வேலை தெரிந்தவனைப் பார்த்தால் நமக்குப் பிடித்துவிடுகிறது. அப்புறம் அவரைவிடப் படுமோசமான ஒரு காண்ட்ராக்டரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டாய், அவன் எதிரில் இவர் உத்தமர். ஒரேயடியாக அயோக்கியத்தனம் செய்ய விடுவதில்லை, இன்றைக்கு ஒரு கையெழுத்து, நாளைக்கு அதை மறைக்க ஒரு பொய். ஒவ்வொன்றும் ‘இதுகூடப் பரவாயில்லை’ என்கிற அளவுதான். பொய் மாட்டிக்கொள்ளுமோ என்று நமக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஏனென்றால் அந்த ரகசியம் அவருக்கும் நமக்கும் மட்டும்தானே தெரியும்! பாதி வழியிலேயே நாமும் கூட்டாளிகள். அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்து, “எங்கே போயிருந்தீங்க?” என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான், ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நானே அவளைத் திட்டினேன். “சும்மா இருடி!” என்று என்னை நானே அதட்டினேன், தம்பி.

தையல்காரப் பெண் எவ்வளவு நேரம் வருகிறாள்? ஒரு ஸ்டிரெச்சர், ஒரு போர்வை, முகம்கூட இல்லை. முகத்தைக் காட்டினால் உன் கதாநாயகன் காலி என்று உனக்குத் தெரியும். நான் அவளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். “இனிமே எந்தக் காலால மெஷினை மிதிக்கிறது, அக்கா?” என்று கேட்டாள்.

இந்த மாதிரி ஆட்கள்தான் இப்போது எல்லாத் தொடரிலும் கதாநாயகர்கள், ஏன் என்று போனில் கேட்டதற்கு நீ சொன்னாய்: “முன்னாடி விளம்பரக்காரனுக்குப் பிடிக்கணும்க்கா. சோப்பு விக்கிறவன் யாரையும் முகம் சுளிக்க விட மாட்டான். ஒவ்வொரு வாரமும் கதை முடிஞ்சு ஆள் பழையபடி ஆயிடணும். இப்போ சந்தா கட்டிப் பார்க்கிறாங்க. எல்லாருக்கும் பிடிக்க வேணாம், சில பேர் விடாம பார்த்தா போதும். பத்து மணி நேரத்துல ஒருத்தன் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போறதைக் காட்டலாம். நல்லவனை வெச்சு அவ்வளவு நேரம் என்ன பண்றது?” நீ சொன்னது நியாயம்தான். ஆனால் அவன் ஏன் கெட்டான் என்று புரிய வைப்பது ஒன்று, அவனை மன்னித்துவிடச் சொல்வது வேறொன்று. பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், என் மகளைப் போல. எனக்கு அது பயமாக இருக்கிறது.

அதனால் நீ இன்னும் எழுதாத கடைசி எபிசோடில் அந்த இன்ஸ்பெக்டரைக் கண்டிப்பாக ஜெயிலுக்கு அனுப்பு. அவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனபின் கேமரா அவன் பின்னாலேயே ஓடாமல், கொஞ்ச நேரம் அந்த மனைவியோடு வீட்டில் இருக்கட்டும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உன் பேனாவுக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
ஊர் வெறுக்கும் உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது உன் அத்தான் வாசலில் வந்து நின்றார், இளைத்துப்போயிருந்தார். “தொடர் பார்த்தேன். அதுல உண்மையைப் பேசுறது அந்தப் பொண்டாட்டி மட்டும்தான். நீ போய் உள்ளதைச் சொல்லிடு” என்று சொல்லிவிட்டு, உள்ளே கூப்பிடுவதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். நாம் வெறுத்துவிடப் போகிற சமயம் பார்த்து ஒரு நல்ல வார்த்தை பேச வைப்பது உன் வேலைதானே? இது நீ எழுதிக் கொடுத்ததா, அவராகச் சொன்னதா? எதுவானால் என்ன, அழுகை வந்துவிட்டது. விசாரணைக்கு நான் போவேன், உள்ளதைச் சொல்வேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் உன் தொடரிலாவது அந்த மனுஷனைத் தப்பிக்க விட்டுடுடா.