நாலு படம், நாலு சீட்டு

காட்சிக்கூடக் காப்பாளர் உள்ளே வந்ததும் திடுக்கிட்டார். சுவரில் நாலு நாட்டுப்புற ஓவியங்கள். எது எந்த வகை ஓவியம் என்று சொல்ல அவற்றின் கீழே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளைக் காணோம். நாலும் மேசைமேல் குவியலாகக் கிடந்தன. பத்து மணிக்குத் திறப்பு. இப்போதே ஒன்பதே கால்.

"என் வேலை போச்சும்மா! எந்தச் சீட்டு எந்தப் படத்துக்குன்னே தெரியலை!" என்று, ஓவியம் படித்த கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"பதறாம சொல்லுங்க மாமா. முதல் படம் எப்படி இருக்கு?"

"செம்மண் நிறத்து மேல வெள்ளைக் கோடு. ஆளுங்க உடம்பெல்லாம் ரெண்டு முக்கோணம், முனையோட முனை ஒட்டின மாதிரி. வட்டமா ஆடுறாங்க."

"வார்லி. கண்ணை மூடிட்டு ஒட்டுங்க."

ஒட்டினார். ஒருமுறை பிடித்தால் விடாத பசை.

"ரெண்டாவதும் மூணாவதும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. ரெண்டுலயும் சிவப்பு, பக்கவாட்டு முகம், பெரிய கண்ணு!"

"நகை எதுல அதிகம்?"

"ரெண்டாவதுல."

"அப்போ அது பட்டசித்திரமா இருக்கும். மத்தது மதுபனி."

இரண்டையும் அழுத்தி ஒட்டினார். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அது அரை மூச்சோடு நின்றது.

"மாமா, கோடு ஒத்தையா, ரெட்டையா? அதைக் கேக்க மறந்துட்டேன்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனார்.

"ரெண்டாவதுல ரெட்டைக் கோடு. நடுவுல பொடிப்பொடியா கீறல். காலி இடமே இல்லாம மீனும் பூவும் அடைச்சிருக்கு."

"ஐயோ, அதுதான் மதுபனி! மூணாவதுல மூக்கு நீண்டு கூரா இருக்கா? சுத்தி அகலமா பூக்கொடிக் கரை?"

"இருக்கே!"

"பட்டசித்திரம். நகையை வச்சு முடிவு பண்ணினது என் தப்பு. மாத்துங்க."

உரித்தார். சீட்டு பாதி வந்தது. மீதிக்குப் பதில் சுவர்ச் சுண்ணாம்பு வந்தது. பள்ளத்தை ஈரத்துணியால் தேய்த்தார். அது பெரிய கறையாகப் பரவியது. கிழிந்த சீட்டுகளுக்குப் பதில் தடித்த பேனாவால் புதுசு எழுதி, கறையையும் சேர்த்து மறைக்கிற அளவில் ஒட்டினார். சீட்டு ஓவியத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"நாலாவது?" என்றாள் கொழுந்தியாள், குரல் தாழ்ந்து.

"கரையே இல்லை. பின்னணி வெறும் காகிதம். ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கா. கன்னமும் கையும் தூரிகையை ஒரே வீச்சா இழுத்த மாதிரி, ஓரத்துல கருத்து வளைஞ்சிருக்கு."

"காளிகாட். முடிஞ்சது மாமா."

"நானும்தான் முடிஞ்சேன்" என்று ஒட்டிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தார். ஒன்பது ஐம்பத்தைந்து. வெளியே கூட்டத்தின் பேச்சுக் குரல்.

வாளியோடு வந்த துப்புரவுக்காரம்மா சுவரைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? எது எந்த ஓவியம்னு வர்றவங்க கண்டுபிடிக்கிற போட்டிக்காகத்தான் நம்ம டைரக்டர் மேடம் அந்தச் சீட்டையெல்லாம் என்னை எடுக்கச் சொன்னாங்க!"