பதினாலு அதிரசமும் ஒரு காலணாக் கார்டும்

ஒரு கார்டு எழுதணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

காலணாக் கார்டு ஒண்ணு வாங்கி, நாலு வரி எழுதி, தபால்பெட்டியில போடணும். பாளையங்கோட்டையில பொம்பளைப் பிள்ளைய பள்ளிக்கூடத்துல வருஷக்கணக்கா கடுதாசி எழுதச் சொல்லிக்குடுக்குதவ நான். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அந்த நாலு வரி என்னைய எங்கன கொண்டுபோய் உக்கார வச்சுதுன்னு கேளுங்க.

மொதல்ல ரயில் கதையைச் சொல்லிருதேன்.

பட்டணத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன். எழும்பூர்ல சாயங்காலம் வண்டி. மூணாம் வகுப்பு, பொம்பளையாளுக பெட்டி. தங்கச்சி இட்லியும் மிளகாப்பொடியும் வச்சு ஒரு துணிமூட்டை கட்டிக் குடுத்திருந்தா. மறுநா திருநெல்வேலி வந்து சேருத வரைக்கும் அதுதான் சாப்பாடு.

காலையில நல்ல பசி. மூட்டையை அவுத்துப் பாத்தா, உள்ள ஒரு கைப்பிள்ளையோட ஈரத்துணி.

வழியில எறங்கிப்போன பிள்ளைக்காரி ஒருத்தி மூட்டையை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டா. அவ வீட்டுல பிள்ளைக்கு இட்லியை உடுத்திவிட்டாளோ என்னவோ.

எறங்கி வாங்கித் தின்னா என்னன்னு கேப்பிய. எறங்குனா வண்டி என்னைய விட்டுட்டுப் போயிரும்னு எனக்குப் பயம். விக்கிதவன் எங்க பெட்டிக்கு வந்து சேருததுக்குள்ள வண்டி நகந்துரும். இப்படியே தண்ணியைக் குடிச்சிட்டு உக்காந்திருந்தேன்.

திருச்சினாப்பள்ளியில ஒரு பொம்பள ஏறுனா. மடியில ஒரு பெரிய ஓலைப்பெட்டி. பேரு ஆவுடையம்மா, ஊரு சேரன்மாதேவி. வயக்காட்டுல வேலை பாத்த கை, பாத்தாலே தெரியும். திருச்சினாப்பள்ளியில கடை வச்சிருக்க அண்ணன் வீட்டுல பிள்ளைக்குக் காதுகுத்து, போயிட்டு வாரேன்னா. பெட்டியில அண்ணன் குடுத்துவிட்ட சீர்ப் பலகாரம். அம்பது அதிரசம்.

என் மொகத்தைப் பாத்தா. ஈரத்துணியைப் பாத்தா. பெட்டியைத் தொறந்து, வாழையிலைக் கிழிசல்ல ரெண்டு அதிரசத்தை வச்சு நீட்டுனா.

"நீங்களும் தின்னுங்க"ன்னேன். வெள்ளிக்கிழமை, அவளுக்கு விரதமாம். பச்சைத்தண்ணியும் வாழைப்பழமுந்தான்.

நானும் ரெண்டோட நிறுத்தணும்னுதான் நெனச்சேன். அந்த அதிரசத்தை நீங்க தின்னு பாக்கல, அதனால என்னைய வையாதிய. ஓரம் மொறுமொறுன்னு, நடு மெத்துன்னு, ஏலமும் சுக்கும் கமகமன்னு. திண்டுக்கல் வாரதுக்குள்ள ஆறு. மதுரையில பத்து. நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல அவ வச்சா, நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே தின்னேன்.

மொத்தம் பதினாலு.

திருநெல்வேலியில எறங்குனா, சுமைகூலி ஒருத்தனையும் காணல. என் இரும்புப்பெட்டி நெறைய பள்ளிக்கூடத்துக்கு வாங்குன புஸ்தகம். தின்ன தீனிக்கு எனக்குக் குனியவே முடியல. நாள் முழுக்க விரதம் இருந்தவ அந்தப் பெட்டியைத் தூக்கித் தலையில வச்சு, வண்டிப்பேட்டை வரைக்கும் கொண்டாந்து வச்சிட்டு, தென்காசி வண்டியைப் பிடிக்க ஓடுனா.

நான் பின்னாலயே போய், "ரொம்ப நன்றி ஆவுடையம்மா"ன்னேன்.

அவளுக்கு வெக்கமாப் போச்சு. "தின்னதுக்குப் போய் யாராவது சொல்லிக்கிடுவாகளாக்கா"ன்னு சிரிச்சிட்டு வண்டியேறிட்டா.

அதோட விட்டிருக்கலாம். ஆனா எங்க பள்ளிக்கூடத்தை நடத்துத வெள்ளைக்காரத் துரைசானியம்மா ஒரு சட்டம் வச்சிருந்தாவ. ஒரு வீட்டுல தின்னா, ஒரு வாரத்துக்குள்ள நன்றிக் கடுதாசி போயிரணும். அதையேதான் நான் பிள்ளையளுக்கும் சொல்லிக்குடுக்கேன்.

அதான் கார்டு.

எழுதி முடிச்சுத் திரும்ப வாசிக்கையில, 'தாங்கள் அன்போடு கொடுத்த பதினான்கு அதிரசங்களை'ங்குத எடத்துல நின்னுட்டேன். கார்டு மூடாத சாமானாச்சே. நம்ம தபாலாபீஸ்ல அதைப் படிக்காத ஆளு கெடையாது. அங்கன கடுதாசி பிரிக்குதவரு மக என் வகுப்புலதான் படிக்கா. மறுநா பள்ளிக்கூடத்துல என் பேரு என்னவாகும்?

அந்தக் கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுனேன். 'தாங்கள் கொடுத்த இரண்டு அதிரசங்களுக்காகவும், என் பெட்டியைத் தலையில் சுமந்து உதவியதற்காகவும் அநேக வந்தனம்.' பொய் சொல்லாதிருப்பாயாகன்னு அதே வாரம் வகுப்புல ஒப்பிக்கச் சொன்னவளும் நாந்தான்.

பத்து நாள் கழிச்சு பதில் கார்டு வந்துது. நாலு மூலையிலயும் மஞ்ச அப்பியிருந்துது. ஆவுடைக்கு எழுதத் தெரியாது. எழுதுனது சேரன்மாதேவி தபால்காரர்.

அவரு எழுதுனதோட சுருக்கம் இது. நல்ல சேதிக் கார்டுன்னா மூலையில மஞ்ச தடவியிருக்கணும், என் கார்டுல அது இல்ல. எங்க சபையில மஞ்ச தடவுத வழக்கமில்ல, நானும் யோசிக்கல. அந்த வீட்டுக்குக் கார்டுன்னு ஒண்ணு வந்ததே அதுதான் மொதத் தடவை. மூலையில மஞ்ச இல்லாததைப் பாத்ததும், திருச்சினாப்பள்ளியில யாருக்கோ என்னமோ ஆயிட்டுன்னு ஆவுடை மாமியா மாருல அடிச்சு அழுதிருக்கா. சத்தங்கேட்டுத் தெருவே கூடிட்டு. அத்தனை பேரு முன்னால தபால்காரரு என் கார்டை ஒரக்கப் படிச்சிருக்காரு.

அங்கனதான் வந்துது வினை.

சீர்ப் பலகாரத்தை வீடு வந்து சேருமுன்ன வழியில குடுத்தேன்னு சொன்னா மாமியா வைவான்னு, ஆவுடை ஏற்கெனவே ஒரு கதை சொல்லி வச்சிருந்திருக்கா. அண்ணன் குடுத்தது அம்பது, திண்டுக்கல்ல ஒரு குரங்கு சன்னல்ல கையை விட்டுப் பதினாலைத் தூக்கிட்டுப் போயிட்டு, மிச்சம் முப்பத்தாறுன்னு. மாமியாளும் நம்பிட்டா.

என் கார்டைக் கேட்டதும் மாமியா கேட்டாளாம்: "பெட்டி தூக்குனதையெல்லாம் எழுதுனவ, குரங்கு வந்ததை எழுதாமலா இருப்பா?"

ஆவுடைக்கு வேற வழியில்ல. அந்த டீச்சரம்மாதான் பதினாலையும் தின்னான்னு நெசத்தைச் சொல்லியிருக்கா. அதை இப்ப யாரு நம்புவா? கையெழுத்தோட ரெண்டுன்னுல்லா வந்திருக்கு. முப்பத்தாறும் ரெண்டும் முப்பத்தெட்டு. அப்ப ஒன் அண்ணன் முப்பத்தெட்டைக் குடுத்துட்டு அம்பதுன்னு பெருமை அடிச்சிருக்கான்னு மாமியா முடிவு கட்டிட்டா. ஆவுடை அண்ணனுக்கு அந்தத் தெருவுல 'முப்பத்தெட்டு'ன்னே பேராயிட்டாம்.

கடைசி வரி மட்டும் ஆவுடை சொன்னபடியே இருந்துது. 'யக்கா, என்னைய வஞ்சா பரவால்ல. எங்க அண்ணன் பேரைக் காப்பாத்திக் குடுங்க.'

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. பட்டினி கெடந்தவளுக்குச் சோறு போட்ட புண்ணியவதி, என் கௌரவத்துக்காக அங்கன வசவு வாங்குதா.

சனிக்கிழமை சேரன்மாதேவிக்கு ரயிலேறிட்டேன். கையில ஒரு சீப்பு வாழப்பழம், ஒரு பொட்டலம் கல்கண்டு. சமைச்ச பண்டமில்லையே, எந்தச் சாதிக்காரரு குடுத்தாலும் யாரும் வாங்கிக்கிடலாம்ல, அதான்.

வீட்டு வாசல்ல ஒரு கோரைப்பாயை விரிச்சு உக்காரச் சொன்னாவ. ஆவுடை கதவுக்குப் பின்னால நின்னா, மொகம் வாடியிருந்துது. பாத்ததும் எனக்கு அழுகையே வந்துட்டு. தெரு மொத்தமும் வந்துட்டு. தபால்காரரு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே முன்வரிசையில நின்னாரு.

நான் நெஞ்சைத் தைரியப்படுத்திக்கிட்டு ஒரக்கவே சொன்னேன். "நான் கார்டுல பொய் எழுதிட்டேன். பதினாலையும் நாந்தான் தின்னேன்."

மாமியா என்னைய உச்சியில இருந்து பாதம் வரைக்கும் பாத்தா.

"அப்ப நீதானா தாயி அந்தக் குரங்கு?"

"ஆமா."

தெரு சிரிச்சு ஓஞ்சுது. நானும் காரியம் முடிஞ்சுன்னு எந்திரிக்கப் போனேன்.

மாமியா விடல. நான் ஆளு கொஞ்சம் ஒல்லி. கொஞ்சம்னு மரியாதைக்குச் சொல்லுதேன். எங்க பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பு என்னையவிட நாலு விரக்கடை அகலம் கூட. இந்த ஒடம்புல பதினாலு அதிரசம் எங்கன போவும், மருமக கண்ணீர் விட்டான்னு எரக்கப்பட்டு நீ பழியை ஏத்துக்கிடுத, நல்ல மனசுதான், ஆனா நம்ப முடியலையேன்னா.

பொறவு பைய உள்ள போனா. ஒரு தட்டோட வந்தா.

தட்டு நெறைய அதிரசம். அவ கையாலயே சுட்டது.

எனக்குப் புரிஞ்சு போச்சு. கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கிட்டேன். மொத அதிரசத்தைக் கடிச்சதும், ஜெபம் காணாதுன்னு தெரிஞ்சுது. பாகு பதந்தப்பி முறுகியிருக்கு. ஓட்டாஞ்சில்லு கூட இதைவிட இளக்கமா இருக்கும்.

தபால்காரரு பிள்ளையளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்குத மாதிரி ஒண்ணொண்ணா எண்ணுதாரு. நாலாவதுல தாடை வலி. ஏழாவதுல ஆவுடை, "போதும்க்கா, எங்க அண்ணன் பேரு எப்பிடியும் போவட்டும்"னு தண்ணிச் செம்போட ஓடியாந்தா. அந்தச் சொல்லுக்காகவே மிச்சத்தையும் தின்னேன். பதினோராவதுல கண்ணுல தண்ணி வந்துது. பன்னெண்டு. பதிமூணு.

பதினாலாவதை முழுங்கிட்டு நிமிந்து பாத்தேன்.

மாமியா காலித்தட்டை எடுத்துத் தெருவுக்கே காட்டுனா. "கணக்கு சரிதான். என் சம்பந்தி வீட்டுல அம்பதுதான் குடுத்துவிட்டிருக்காவ"ன்னா. இதுக்கு மேல எவனாவது முப்பத்தெட்டுன்னு சொன்னா நடக்குததே வேறன்னும் சொல்லிட்டா. ஆவுடை என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. எனக்கும் சந்தோஷந்தான், பேசத்தான் வாய் தொறக்கல.

பொறப்படும்போது தபால்காரரு பக்கத்துல வந்து நின்னாரு. இந்த வீட்டுப் பெரியம்மா பேருக்கு இதுவரைக்கும் ஒரு கார்டும் வந்ததில்ல, ஆசைப்படுதாவ, போனதும் ஒண்ணு போடுங்க, தெருவுல வச்சே படிச்சிருதேன்னாரு.

ஒரு வாரத்துக்குள்ளயே போட்டுட்டேன். நாலு மூலையிலயும் மஞ்ச தடவுனேன், துரைசானியம்மா என்ன சொன்னாலும் சரின்னு. பதினாலுன்னு எழுத்தாலயும் எழுதி, இலக்கத்தாலயும் எழுதுனேன்.

ருசியைப் பத்தி மட்டும் ஒண்ணும் எழுதல, திரும்பவும் பொய் எழுத எனக்குப் பல்லுல பலமில்ல.